பேக்ஸ்பின் பந்தை லூப் போடுவது எப்படி: மட்டையின் கோணமும் உரசலும்

டேபிள் டென்னிஸில் ஓரளவு ராலி ஆடத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இங்கே வந்து மாட்டிக்கொள்வார்கள். எதிராளி டாப்ஸ்பின் போட்டால் நன்றாகத் திருப்பி அடிக்கிறோம். அதே ஆள் பந்தை அடியில் வெட்டி, நீளமாக ஒரு புஷ் செய்கிறார். அதே அடியை அடிக்கிறோம், பந்து வலையின் அடிப்பாகத்தில் போய் முட்டுகிறது. அடுத்த முறை மட்டையைக் கொஞ்சம் திறந்து தூக்கிவிடுகிறோம், மேசையைத் தாண்டிப் போகிறது. மூன்றாவது முறை பயந்துபோய் நாமும் புஷ் செய்கிறோம்.

நானும் இரண்டு வருடம் இப்படித்தான் ஆடினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருநாள் பந்துக்கூடையை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ பந்தைத் தூக்கப் பார்க்கிறே. தூக்காதே, உரசு. தீப்பெட்டியில குச்சியை உரசுற மாதிரி." அப்போது எனக்கு அது பாதிதான் புரிந்தது. மீதிப் பாதி, பந்தின் எந்தப் பக்கம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று உட்கார்ந்து யோசித்தபிறகுதான் புரிந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். இங்கே பேசப்போவது ஃபோர்ஹேண்ட் பக்கம் நீளமாக வரும் புஷ்ஷை லூப் போடுவது, அதாவது மேல்நோக்கி உரசி டாப்ஸ்பின்னோடு திருப்பி அனுப்புவது பற்றி மட்டும். நான் வலக்கை ஆட்டக்காரரை வைத்து எழுதுகிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பந்தின் நம் பக்கம் மேலே ஓடுகிறது

ஒரு பந்தை எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் அதன் நடுவில் சுற்றிலும் ஒரு கோடு போடுங்கள். கோடு மேலும் கீழுமாக நிற்கும்படி கண்ணுக்கு நேரே பிடியுங்கள். எதிராளி வெட்டிய பந்து நம்மை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேக்ஸ்பின் என்றால் பந்தின் உச்சி பின்னோக்கி, அதாவது எதிராளியை நோக்கிச் சுழல்கிறது. கையால் அப்படிச் சுழற்றிப் பாருங்கள். உங்களைப் பார்த்திருக்கும் பக்கம் கீழிருந்து மேலே ஏறுவது தெரியும்.

இப்போது அந்தப் பக்கத்தை ஒரு மட்டை அசையாமல் செங்குத்தாகத் தொட்டால் என்ன ஆகும்? பந்தின் மேற்பரப்பு ரப்பரின் மேல் ஏற முயல்கிறது. ரப்பர் பிடித்துக்கொள்கிறது, ஏற விடுவதில்லை. அந்தப் பிடிப்பு பந்தைக் கீழே தள்ளுகிறது. வலையில் விழும் பந்துகளின் கதை இதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். நாம் லூப் போட்டு அனுப்பும் பந்துக்கு டாப்ஸ்பின் இருக்க வேண்டும், அதாவது அதன் உச்சி எதிராளியை நோக்கிச் சுழல வேண்டும். வரும் பந்தின் உச்சி ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் சுழன்றுகொண்டிருக்கிறது. பந்து போகும் திசை மாறுவதால் அதே சுழற்சிக்குப் பேர்தான் மாறுகிறது. ஆக, பேக்ஸ்பின்னை எதிர்த்து லூப் போடும்போது நாம் சுழற்சியை நிறுத்தித் திருப்புவதில்லை, ஓடுகிற சக்கரத்தை இன்னும் வேகமாகத் தட்டிவிடுகிறோம். டாப்ஸ்பின் பந்தை எதிர்த்து டாப்ஸ்பின் போடும்போதுதான் சுழற்சியை நிறுத்தி எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. வெட்டி வந்த பந்தைப் போட்ட லூப் இவ்வளவு கனமாகச் சுழன்று போவது இதனால்தான்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பந்தின் மேற்பரப்பு எந்த வேகத்தில் மேலே ஓடுகிறதோ, அதைவிட வேகமாக மட்டை மேலே போக வேண்டும்.

ஒரு பந்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 12.6 சென்டிமீட்டர். நன்றாக வெட்டிய ஒரு புஷ் நொடிக்கு 40 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம்மைப் பார்த்த பக்கம் நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகத்தில் மேலே ஓடுகிறது.

பந்து உள்ளீடற்ற கோளம். ரப்பர் வழுக்காமல் பிடித்தால், மட்டைக்கும் பந்தின் மேற்பரப்புக்கும் உள்ள வேக வித்தியாசத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பந்தை மேலேயோ கீழேயோ நகர்த்தும், மீதி மூன்று பங்கு சுழற்சியை மாற்றும். நல்ல ரப்பர் இழுபட்டுத் திரும்புவதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். நமக்கு இந்தக் கணக்கே போதும்.

மட்டை செங்குத்து. முதலில், அது மேலே போகவே இல்லை, வெறுமனே முன்னால் தள்ளுகிறோம். வித்தியாசம் 5 மீட்டர், அதுவும் நமக்கு எதிராக. பந்து நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கீழே இறங்கும், சுழற்சி 16 சுற்றாகக் குறையும். வலை.

இரண்டாவது, மட்டை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேலே போகிறது. பார்ப்பவர்களுக்கு இது நல்ல லூப் மாதிரியே தெரியும். ஆனால் வித்தியாசம் பூஜ்யம். பந்து மேலேயும் ஏறாது, சுழற்சியும் கூடாது. நேராகக் கிளம்பிப் புவியீர்ப்பில் விழுந்து வலையில் முட்டும். "சார், சரியாத்தானே போட்டேன்" என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்கள் கோணத்தில் தப்பில்லை, வேகம் போதவில்லை.

மூன்றாவது, மட்டை மேல்நோக்கி நொடிக்கு 10 மீட்டர். இப்போது வித்தியாசம் 5 மீட்டர், நமக்குச் சாதகமாக. பந்து 2 மீட்டர் வேகத்தில் மேலே ஏறும், சுழற்சி 64 சுற்றாகும். வலையைத் தாண்டி, சுழற்சியால் வளைந்து மேசையில் இறங்கும்.

கோணம் எவ்வளவு

மட்டையைப் பத்து டிகிரி முன்பக்கம் சாய்த்தால், அதாவது மூடினால், என்ன ஆகும் என்று இப்போது சொல்லிவிடலாம். பந்து மட்டையிலிருந்து நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று கொள்வோம். பத்து டிகிரி சாய்வு அந்த வேகத்தில் ஒரு பகுதியைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிடும், ஏறக்குறைய 1.6 மீட்டர். மூன்றாவது கணக்கில் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த ஏற்றம் 2 மீட்டர்தானே? அதில் பெரும்பகுதி போய்விட்டது. நல்ல வேகத்தில் உரசியும் பந்து வலையில் விழும். அதனால் நன்றாக வெட்டிய பந்துக்கு மட்டை ஏறக்குறைய செங்குத்தாக இருக்க வேண்டும், மூடக் கூடாது.

சரி, இதே அடியை லேசாக வெட்டிய பந்துக்குப் போட்டால்? நொடிக்கு 15 சுற்றுதான் என்றால் மேற்பரப்பின் வேகம் 2 மீட்டருக்கும் குறைவு. அதே 10 மீட்டர் மட்டை வேகத்துக்கு வித்தியாசம் 8 மீட்டரைத் தாண்டும், பந்து 3 மீட்டருக்கு மேல் ஏறும், மேசையைத் தாண்டிப் போய்விடும். இங்கேதான் அந்தப் பத்து டிகிரி வேண்டும். மூடியதும் அதிகப்படியான ஏற்றம் கழிந்து பந்து உள்ளே விழும். கூடவே வீச்சையும் கொஞ்சம் முன்னோக்கி மாற்றலாம்.

ஆகவே "லூப்புக்கு மட்டை எத்தனை டிகிரி" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வந்த சுழற்சிதான் கோணத்தை முடிவு செய்கிறது. கனமான வெட்டுக்குச் செங்குத்து, வீச்சு மேலே. லேசான வெட்டுக்குப் பத்துப் பதினைந்து டிகிரி மூடல், வீச்சு முன்னே. மட்டையை மல்லாத்திப் பந்தின் அடியில் கொடுப்பது மட்டும் எந்தப் பந்துக்கும் வேண்டாம். அது புஷ், லூப் அல்ல.

படி 1: பந்தைப் படிப்பது

எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் கணத்தைப் பார்க்க வேண்டும். அவர் முகத்தையோ பந்து வரும் வழியையோ பார்ப்பது அப்புறம். மட்டை பந்துக்கு அடியில் விருட்டென்று போய், சத்தம் அதிகமில்லாமல் இருந்தால் கனமான வெட்டு. "டக்" என்று கேட்டு, மட்டை முன்னால் மட்டும் தள்ளியிருந்தால் சுழற்சி கொஞ்சம்தான். இரண்டாவது சாட்சி பந்தின் மேல் உள்ள முத்திரை. அது தெளிவாகத் தெரிந்தால் பந்து சும்மா மிதந்து வருகிறது. மூன்றாவது, மேசையில் குத்தியபிறகு நடப்பது: கனமாக வெட்டிய பந்து தயங்கி, கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். அவசரக்காரர்கள் பந்து வருமுன்பே மட்டையை வீசி முடித்துவிடுவது இதனால்தான்.

அதோடு, பந்து மேசைக்கு வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். விட்டுவிட்டால் நம் பக்கத்திலேயே இரண்டாம் முறை குத்தும் அளவு குட்டையான பந்து என்றால், மட்டையைக் கீழே இறக்க மேசை விடாது. அதற்கு இந்த அடி பொருந்தாது.

படி 2: நின்று, இறங்குவது

வலது கால் அரை அடி பின்னால், பாதங்கள் தோள் அகலத்தைவிடக் கூடுதலாக விரிந்து இருக்கட்டும். பந்து வருகிறது என்று தெரிந்ததும் வலது முழங்காலை மடக்கி எடையை அந்தக் காலில் இறக்குங்கள். வலது தோள் இடது தோளைவிடத் தாழும், இடுப்பு வலப்பக்கம் திரும்பும். கை தானாகக் கீழே போகும். மட்டை மேசை மட்டத்துக்குக் கீழே, முழங்காலை ஒட்டிய உயரத்துக்கு வர வேண்டும்.

கையை மட்டும் இறக்கிவிட்டு உடம்பை நிமிர்த்தி வைத்திருப்பவர்களுக்கு 10 மீட்டர் வேகம் வராது. அந்த வேகம் பெரும்பாலும் தொடையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருகிறது. பிடியைத் தளர்வாக வையுங்கள். யாராவது மட்டையை உருவினால் அவர் கையோடு போய்விட வேண்டும், அவ்வளவு தளர்வு. இறுக்கிப் பிடித்த கையில் முன்கை சுண்டாது.

படி 3: காத்திருந்து தொடுவது

பந்து மேசையில் குத்தி உச்சிக்குப் போய், இறங்க ஆரம்பிக்கும் கணம்தான் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்லது. உச்சியிலேயே எடுத்தால் அடி வலுவாக இருக்கும், ஆனால் நேரம் குறைவு. மேசை மட்டத்துக்குக் கீழே விழ விட்டால் நேரம் கிடைக்கும், ஆனால் விழுகிற வேகத்தையும் சேர்த்து நாம்தான் ஈடுகட்ட வேண்டும். தொடும் இடம் வலது இடுப்புக்குச் சற்று முன்னால். பந்து உடம்புக்குப் பின்னால் போய்விட்டால் தோள்தான் இழுக்கும், முன்கைக்கு வேலை இருக்காது.

பந்தைப் பூமி உருண்டையாக நினைத்துக்கொண்டால், மட்டை தொட வேண்டியது நடுக்கோட்டுப் பகுதியை. கனமான வெட்டுக்குச் சரியாக நடுக்கோடு, லேசான வெட்டுக்கு அதற்குச் சற்று மேலே.

படி 4: உரசல்

காலை நிமிர்த்தும்போதே இடுப்பு இடப்பக்கம் திரும்ப, அதைத் தொடர்ந்து முன்கை மேல்நோக்கிச் சுண்ட வேண்டும். இந்த வரிசை முக்கியம். முன்கை கடைசியில் வந்தால்தான் தொடும் கணத்தில் மட்டை உச்ச வேகத்தில் இருக்கும். முடியும்போது மட்டை நெற்றிக்கு முன்னால் நிற்கும், சல்யூட் அடிப்பது மாதிரி. இடது தோளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டால் மேலே போக வேண்டிய வேகம் பக்கவாட்டில் செலவாகிவிட்டது என்று அர்த்தம்.

பந்து ரப்பரோடு ஒட்டியிருப்பது ஏறக்குறைய நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் மட்டை நகர்வது ஒரு சென்டிமீட்டர். பந்தைத் தொட்டபிறகு மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோணமும் திசையும் வேகமும் தொடுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

தீக்குச்சி உவமை இங்கேதான் உதவுகிறது. குச்சியைப் பெட்டியில் அழுத்திக் குத்தினால் ஒடியும். தொட்டும் தொடாமலும் இழுத்தால் பற்றாது. கொஞ்சம் அழுத்தம், நிறைய இழுப்பு. லூப்பிலும் பந்து ரப்பரைத் தாண்டி ஸ்பாஞ்சில் சற்றே பதிய வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பு கிடைக்காமல் வழுக்கிவிடும். மரப்பலகை வரை அமுங்கிவிட்டால் அது அடி, உரசல் இல்லை. மேலே நொடிக்கு 10 மீட்டர் என்றால் முன்னால் 4 மீட்டர் போதும் என்ற விகிதத்தில் ஆரம்பியுங்கள். நான் அளந்து சொல்லவில்லை, மேலே போட்ட கணக்குக்கு ஒத்துவரும் விகிதம் அது. கையில் உணரும்போது "ஏறக்குறைய நேர் மேலே போகிறேன், கொஞ்சம்தான் முன்னால்" என்று தோன்ற வேண்டும்.

தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது

பந்து எங்கே விழுந்தது என்பதை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது, சத்தத்தையும் கேட்க வேண்டும். வலையில் விழுந்து, "டக்" என்று மரச்சத்தம் கேட்டால் முன்னால் அடித்துவிட்டீர்கள். வீச்சை மேலே திருப்புங்கள், கோணத்தைத் தொடாதீர்கள். வலையில் விழுந்து சத்தமே இல்லாவிட்டால் ரப்பர் வழுக்கியிருக்கிறது. மட்டை அதிகம் மூடியிருக்கலாம், அல்லது ரப்பரில் தூசியோ ஈரமோ இருக்கலாம். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் மூடிய ஹாலில் ரப்பர் மேல் ஈரம் படர்வது சகஜம். ஈரத் துணியால் தூசியைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தபிறகு இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், அப்புறம் உங்களைக் குறை சொல்லலாம்.

மேசையைத் தாண்டும் பந்திலும் இரண்டு வகை உண்டு. வளையாமல் நேராகப் பறந்தால் உரசல் இல்லை, அடித்திருக்கிறீர்கள். வளைந்து இறங்கியும் இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தால் உரசல் நன்றாகவே இருக்கிறது, வந்த வெட்டு நீங்கள் நினைத்ததைவிட லேசு. அடுத்த பந்துக்குக் கொஞ்சம் மூடினால் போதும். இந்த இரண்டாவது வகைக்குப் பயந்து வீச்சின் வேகத்தைக் குறைத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. வேகத்தைக் குறைத்தால் நேராக அந்த 5 மீட்டர் கணக்குக்குப் போய்ச் சேர்வீர்கள்.

மட்டை விளிம்பில் பட்டால் பெரும்பாலும் சீக்கிரம் வீசியிருப்பீர்கள். பந்து தயங்கி வரும் என்றேனே, அதுதான்.

பழகும் முறை

முதல் நாள் எதிராளி வேண்டாம். இடக்கையால் பந்தை மேசை ஓரத்துக்கு வெளியே தரையில் போட்டு, அது எழும்பி இறங்கும்போது மேல்நோக்கி உரசுங்கள். எங்கே போனாலும் பரவாயில்லை. "டக்" கேட்காமல் ஒரு சன்னமான "சர்க்" கேட்க வேண்டும், பந்து எதிர்ச்சுவரில் பட்டு மேலே ஏற வேண்டும். சுவரில் மேலே ஏறுவதுதான் டாப்ஸ்பின் இருப்பதற்கு அடையாளம்.

அடுத்து ஒருவர் கூடையிலிருந்து பந்தெடுத்து ஒரே இடத்துக்கு ஒரே மாதிரி வெட்டிப் போடட்டும், ஐம்பது பந்து. முதல் இருபதில் பந்து வலைக்கு மேலே ஒரு அடி உயரத்தில் போனால் போதும், மேசையில் விழ வேண்டும் என்றுகூட இல்லை. உயரம் நிலையாக வந்தபிறகு கீழே கொண்டுவாருங்கள். அதன்பிறகு போடுகிறவர் சொல்லாமல் கனமும் லேசும் கலந்து போடட்டும். நீங்கள் தொடுவதற்கு முன்பே "கனம்" அல்லது "லேசு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய் தப்பாகச் சொன்னதா, கை தப்பாகச் செய்ததா என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சுழற்சி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க, எதிரே இருப்பவர் மட்டையைச் செங்குத்தாக அசையாமல் பிடிக்கட்டும். உங்கள் லூப் அதில் பட்டு மேலே எகிறினால் வேலை நடந்திருக்கிறது.

இரண்டாவது லூப்

சாப் ஆடும், அதாவது வரும் பந்தை அடியில் வெட்டியே திருப்பும் தடுப்பாட்டக்காரர்களிடம் முதல் லூப் நன்றாக விழுந்து, அதே அடியில் போட்ட இரண்டாவது லூப் வலையில் முட்டும். அவர்களில் பலர் ஒரு பக்கம் நீண்ட பிம்பிள்ஸ் ரப்பர் வைத்திருப்பார்கள். அது பந்தைச் சரியாகப் பிடிக்காது, அதனால் நம் டாப்ஸ்பின்னை நிறுத்தாமல் அப்படியே பேக்ஸ்பின்னாகத் திருப்பி அனுப்பும். நாம் 64 சுற்று கொடுத்திருந்தால், 40 சுற்றுப் பந்துக்குப் பழகிய கைக்கு அதைவிடக் கனமான பந்து வந்து சேர்கிறது. இன்னும் தாழ இறங்கி, மட்டையை முழுச் செங்குத்தாக்கி, இன்னும் மேல்நோக்கிப் போட வேண்டும். முடியாதபோது மெதுவாக ஒரு புஷ் போட்டுவிட்டு, அடுத்து லேசாக வரும் பந்தை எடுக்கலாம். 2003 பாரிஸ் உலகச் சாம்பியன்ஷிப் ஆடவர் இறுதிப் போட்டியில் தென்கொரியாவின் ஜூ செ ஹ்யூக் என்ற சாப் ஆட்டக்காரரை ஆஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகர் 4-2 என்று வென்றார். அந்த ஆட்டத்தின் காணொளி கிடைத்தால் ஒரு கேம் முழுக்கப் பந்தைப் பார்க்காமல் ஷ்லாகரின் வலது முழங்காலையும் மட்டை எந்த உயரத்திலிருந்து கிளம்புகிறது என்பதையும் மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.